அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்த நான்கு வாழ்த்துகள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

பிறந்தநாளன்று கைப்பேசியில் வாழ்த்துகள் வந்து குவிகின்றன. அவற்றில் எது மனசிலிருந்து வந்தது, எது கடமைக்கு வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேச்சு வசதிக்காக ஓர் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவர். இன்று 60 வயது நிறைகிறது. போன வருடம்தான் கணவர் காலமானார். அவருக்கு நான்கு வாழ்த்துகள் வருகின்றன.

முதல் வாழ்த்து இது: “அன்பின் இமயமே, பண்பின் சிகரமே, கருணைக் கடலே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்.” இதில் அந்த அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் வாசகம் எங்கும் இடிக்காது. நான் எப்போதும் முதலில் செய்து பார்ப்பது இந்தப் பெயர் மாற்றத்தைத்தான்.

இரண்டாவது வாழ்த்தில் விவரங்கள் இருக்கின்றன. “துணை சுகாதார நிலையத்தில் 34 ஆண்டுகள் அரும்பணி ஆற்றி, அறுபதாம் அகவை காணும் தாங்கள், தம்பதி சமேதராய் நூறாண்டு வாழ்க!” பெயரை மாற்றினால் இது பொருந்தாதுதான். ஆனால் இந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன? வயதும் பணிக்காலமும் அலுவலகக் கோப்பைப் பார்த்தாலே தெரியும். அனுப்பியவருக்கும் அந்த அம்மாவுக்கும் இடையே நடந்த எதுவும் இதில் இல்லை. கடைசி வரியோ கணவரை இழந்தவருக்கு வலிக்கும். அறுபதாம் கல்யாணத்துக்கு வழக்கமாக எழுதும் வரியை, யாருக்குப் போகிறது என்று யோசிக்காமல் சேர்த்திருக்கிறார்கள். ஒருவேளை அனுப்பியவர் வெளியூரில் இருந்து, கணவர் இறந்த செய்தியே தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் அது அறியாமைதான், அன்பில்லை என்று சொல்ல முடியாது. துக்கத்துக்கு வந்து போனவரே இப்படி எழுதியிருந்தால்தான் கணக்கு வேறு.

மூன்றாவதைக் கேளுங்கள். “சிஸ்டர், பிறந்தநாள் வாழ்த்துகள். பாப்பாவுக்கு ஒன்பதாம் மாசத் தடுப்பூசி போட்ட ராத்திரி காய்ச்சல் வந்து நான் பயந்தப்ப, வீட்டுக்கே வந்து ஈரத்துணியால துடைச்சு விட்டீங்க. இப்ப அவ ஒன்பதாவது படிக்கிறா. இந்த வருசம் சார் இல்லாம உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். சாயந்திரம் வந்து பாக்குறேன்.” அந்தக் காய்ச்சல் ராத்திரி எந்தக் கோப்பிலும் இருக்காது. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். கணவர் இல்லாத முதல் பிறந்தநாள் என்பதை மறைக்காமல், அதை நீட்டி அழவைக்காமல், ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதையும் சொல்கிறார். வாழ்த்து பெறுபவரின் இன்றைய நிலைக்கு அது பொருந்துகிறது. இதைப் போலியாக எழுதுவது மிகக் கடினம்.

நான்காவது தம்பியிடமிருந்து. “ஹேப்பி பர்த்டேக்கா. சாப்டியா?” அவ்வளவுதான். குறிப்பான விவரம் எதுவும் இல்லை. ஆனாலும் இது உண்மையான வாழ்த்து என்றே நான் சொல்வேன். ஏனென்றால் தம்பி தினமும் பேசுவதே இப்படித்தான். தொனியை அளக்கும்போது, வாழ்த்தை நம் ரசனையோடு ஒப்பிடக்கூடாது, அனுப்பியவரின் அன்றாடப் பேச்சோடு ஒப்பிட வேண்டும். இதே தம்பி “என் உயிரினும் மேலான உடன்பிறப்பே” என்று எழுதியிருந்தால், எங்கிருந்தோ எடுத்தது என்று அக்காவுக்கே தெரிந்துவிடும். அதே சமயம், கடிதம் எழுதிப் பழகிய ஒரு பெரியப்பா “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கினால் அது பாசாங்கு ஆகாது. அவருக்கு அதுதான் இயல்பு.

நீளத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். நீளமாக இருப்பதால் மட்டும் அக்கறை என்று ஆகாது. வாட்ஸ்அப்பில் பலர் கைமாறி வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரியும். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறி வராது, அதனால் குறி இல்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாத ஓர் அத்தை பூங்கொத்துப் படத்தை அனுப்பிவிட்டு, அப்புறம் போன் போட்டு அரைமணி நேரம் பேசுவார். அவருடைய வாழ்த்து அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. படத்தை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், பதிலாக ஒரு கேள்வி அனுப்பிப் பார்க்கலாம். “ரொம்ப நன்றி. நாம கடைசியா எப்பப் பாத்தோம்?” என்று கேட்டால் போதும். பழக்கத்துக்கு அனுப்பியவரிடமிருந்து பெரும்பாலும் ஒரு கும்பிடு படம் வரும், பேச்சு அதோடு நின்றுவிடும். நினைத்து அனுப்பியவர் இடத்தைச் சொல்வார், கூட யார் இருந்தார்கள் என்று சொல்வார், திருப்பி ஒரு கேள்வியும் கேட்பார். ஆனால் வேலைக்கு நடுவில் இருப்பவர் பதில் போட ராத்திரி ஆகலாம். அதனால் அன்றைக்கே முடிவு கட்டாமல் ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.