கமிஷன் பூஜ்யம் என்று நம்பி 500 கிராம் பாட்டில் போடாதீர்கள்! மார்த்தாண்டம் தேன், வடசேரி நகை, நேந்திரம் சிப்ஸ்: எதை எங்கே விற்பது?

(திரையில்: மேஜை மேல் இரண்டு தேன் பாட்டில்கள். ஒன்றில் 500 கிராம், இன்னொன்றில் 350 கிராம்.)

மக்களே, இந்த இரண்டு பாட்டிலிலும் இருப்பது ஒரே தேன். மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தேன். பெரிய பாட்டிலை ஆன்லைனில் 360 ரூபாய்க்கு விற்றால் கையில் 83 ரூபாய் நிற்கிறது. சின்ன பாட்டிலை 270 ரூபாய்க்கு விற்றால் 105 ரூபாய் நிற்கிறது. தேன் குறைவு, விலை குறைவு, லாபம் மட்டும் அதிகம். ஏதோ கண்கட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம், கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன்.

அதற்கு முன்னால் அடிப்படை. ஏற்கெனவே விற்பவர்கள் கொஞ்சம் தள்ளிவிட்டுக்கொள்ளலாம். ஒரு பொருள் விற்றால் அமேசான், பிளிப்கார்ட் மாதிரியான விற்பனைத் தளம் பிடிப்பது மூன்று வகை. பொருளின் வகையைப் பொறுத்த கமிஷன், இத்தனை சதவீதம் என்று. விலையைப் பொறுத்த ஒரு நிலையான கட்டணம். எடையையும் தூரத்தையும் பொறுத்த கூரியர் கட்டணம். இந்த மூன்றின் மேலும் 18% ஜிஎஸ்டி. அவ்வளவுதான், ஒவ்வொரு தளமும் வேறு வேறு பேர் வைத்திருக்கும்.

சரி, எல்லோரும் பார்ப்பது கமிஷன் சதவீதத்தை மட்டும்தான். ஆனால் அந்தப் பட்டியலே சில வருடங்களில் தலைகீழாகிவிட்டது. மீஷோ 2021-லேயே கமிஷன் கிடையாது என்று சொல்லிவிட்டது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழே உள்ள பொருள்களுக்கு நிறைய வகைகளில் கமிஷனை எடுத்துவிட்டது. அதே வருடம் நவம்பரில் பிளிப்கார்ட் 1,000 ரூபாய்க்குக் கீழே எடுத்தது. இந்த வரம்புகள் நகர்ந்துகொண்டே இருக்கும். விற்பதற்கு முன்னால் அன்றைய கட்டணப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். என் கேள்வி வேறு. மலிவான பொருளுக்கு எல்லா இடத்திலும் கமிஷன் பூஜ்யம் என்றால், நம் காசை யார் தின்கிறார்கள்?

(திரையில்: எடைத் தராசு)

இதோ, இவர்தான். கூரியர் கட்டணம் பெரும்பாலும் அரை கிலோ அரை கிலோவாகத்தான் ஏறும். 499 கிராம் என்றால் முதல் படி. 501 கிராம் என்றால் ஒரு கிலோவுக்கான காசு. நம் மாவட்டத்துக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. குமரிமுனையில் உட்கார்ந்துகொண்டு எங்கே அனுப்பினாலும் வடக்கேதான் அனுப்ப வேண்டும். தூரத்தை நாம் குறைக்க முடியாது. எடையைக் குறைக்கலாம்.

இப்போது கணக்கு. கட்டணங்களை நான் உதாரணத்துக்காக வைத்துக்கொள்கிறேன். 300 ரூபாய்க்குக் கீழே கமிஷன் இல்லை, மேலே போனால் 8%. நிலையான கட்டணம் 300-க்குக் கீழே 10 ரூபாய், மேலே 15. கூரியர் முதல் அரை கிலோவுக்கு 60, அடுத்த ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 25. தேன் கொள்முதல் கிலோ 220. உங்கள் தளத்தின் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரிய பாட்டில். 500 கிராம் தேன், கண்ணாடி பாட்டில், பபுள் கவர், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 850 கிராம் வந்துவிடும். அப்படியானால் ஒரு கிலோ கட்டணம், 85 ரூபாய். 360-க்கு விற்றால் கமிஷன் 29, நிலையானது 15. மொத்தம் 129 போய் 231 வருகிறது. தேனுக்கு 110, பாட்டிலுக்கும் பேக்கிங்குக்கும் 38. மிச்சம் 83.

சரி, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்கில் போடலாமே என்பீர்கள். போட்டாலும் தேனே 500 கிராம் இருக்கிறது. பெட்டியோடு 600-ஐத் தாண்டும். அதே ஒரு கிலோ கட்டணம்தான்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. தேன் தண்ணீரைவிடக் கனம், ஏறக்குறைய 1.4 மடங்கு. அதனால் 250 மில்லி பாட்டிலில் 350 கிராம் தேன் பிடிக்கும்! கடையில் தண்ணீருக்கும் ஜூஸுக்கும் வாங்கும் அதே அளவுப் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டில் 25 கிராம், பேக்கிங் 80 கிராம். எல்லாம் சேர்த்தால் 455. அரை கிலோவுக்குள் அடங்கிவிட்டது. பெட்டி கொஞ்சம் ஈரமானாலும் படி தாண்டாத அளவுக்கு இடைவெளியும் இருக்கிறது.

270 ரூபாய்க்கு விற்போம். கமிஷன் இல்லை. நிலையானது 10, கூரியர் 60. கைக்கு வருவது 200. தேனுக்கு 77, பாட்டிலும் பேக்கிங்கும் 18. மிச்சம் 105. பார்த்தீர்களா?

(திரையில்: 299 என்ற எண்ணும் 305 என்ற எண்ணும்)

இன்னும் ஒரு வேடிக்கை. அதே சின்ன பாட்டிலை 299-க்கு விற்றால் கட்டணம் போக 229 வருகிறது. ஆசைப்பட்டு 305 ஆக்கினால் கமிஷன் 24, நிலையானது 15, கூரியர் 60 போய் 206 தான் வருகிறது. ஆறு ரூபாய் கூட்டி 23 ரூபாய் தொலைத்திருக்கிறோம். 330 ரூபாய் வரை போனால்தான் பழைய 229-ஐ மறுபடி பிடிக்க முடியும். ஆக, 300-க்கும் 330-க்கும் நடுவில் உள்ள விலைகள் எல்லாம் குழி. அந்தக் குழிக்குள் விலை வைத்துத் தளத்தில் ஏற்றிய பொருள்கள் ஏகப்பட்டது இருக்கின்றன, நீங்களே தேடிப் பாருங்கள். உங்களுடையது அதில் இருந்தால் கமென்டில் சொல்ல வேண்டாம், சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள்.

வரியை ஏன் விட்டேன் என்று ஒரு கணக்கர் அண்ணாச்சி கட்டாயம் கேட்பார். பேக் செய்து லேபிள் ஒட்டிய தேனுக்கு 5% ஜிஎஸ்டி நம் விலைக்குள்ளேயே இருக்கிறது. தளத்துக்குக் கட்டும் 18% நமக்கு உள்ளீட்டு வரியாகத் திரும்புகிறது. சின்ன பாட்டிலில் முதலாவது 12.86, இரண்டாவது 12.60. ஏறக்குறைய சரிக்குச் சரி. பதிவு இல்லாமல் மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்களுக்கு அந்த 18% திரும்பாது, அதைச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

தேனில் இன்னொரு ஆபத்து கணக்கில் வராது, ரிவியூவில் வரும். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். வாங்கியவர் அடியில் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து 'சர்க்கரைப் பாகு' என்று எழுதி, ஒரு நட்சத்திரம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். திரும்பி வந்தால் போன கூரியர் காசு நம் தலையில். அதனால் பாட்டிலிலேயே, பட்டியலின் முதல் படத்திலேயே, 'இந்தத் தேன் உறையும், வெந்நீரில் வைத்தால் இளகும்' என்று எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும்.

மீஷோவில் தேன் விற்கலாமா? அங்கே நாம் வைக்கும் விலையோடு கூரியரையும் சேர்த்துத்தான் வாங்குபவருக்குக் காட்டுவார்கள். கனமான பொருள் திரையிலேயே விலை ஏறித் தெரியும். அங்கே வருபவர் விலையைப் பார்த்துத்தான் வருகிறார். என் கருத்து, தேனுக்கு அது இடமில்லை.

மீஷோவுக்கு ஏற்றது எது என்றால், அப்படியே நாகர்கோவில் வடசேரிக்கு வாருங்கள். கோயில் நகை. புவிசார் குறியீடு வாங்கிய நகை. பரதநாட்டிய மேடை எல்லாம் இதில்தான் மின்னுகிறது. செம்பில் செய்து முலாம் பூசிய ஒரு முழு செட், பெட்டியோடு 450 கிராம். எடை பிரச்சினையே இல்லை. இங்கே கமிஷன்தான் வில்லன். தங்க நாணயத்துக்கு ஒற்றை இலக்கச் சதவீதம் பிடிக்கும் இடத்தில், செயற்கை நகைக்கு இருபதைத் தாண்டும். 22% என்று வைத்து 2,500 ரூபாய் செட்டைப் பாருங்கள். கமிஷன் மட்டும் 550. கூரியரும் நிலையானதும் சேர்த்து 650 போகிறது.

இப்போது செட்டை உடைப்போம். தலைசாமான், ஜிமிக்கி, மாலை என்று மூன்று பட்டியலாக, ஒவ்வொன்றும் 850 ரூபாய். 1,000-க்குக் கீழே கமிஷன் எடுக்காத தளத்தில் ஒவ்வொன்றுக்கும் கூரியர் 60, நிலையானது 25 என்று வைத்தால் மொத்தம் 255. செட்டின் விலை 50 ரூபாய் கூடியிருக்கிறது, கட்டணம் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது! ஒரு சிக்கல் உண்டு. நாட்டிய டீச்சர் வாங்கும்போது மூன்றிலும் சிவப்புக் கல் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒரே தடவை செய்த கல்லை ஒரே தொகுப்பாக வைத்து, பட்டியலில் தொகுப்பு எண் போடுங்கள். இல்லாவிட்டால் மேடையில் தலையில் ரோஜா, காதில் மாதுளை.

150, 200 ரூபாய் ஜிமிக்கி மட்டும் செய்பவர்கள் தாராளமாக மீஷோவுக்குப் போகலாம். முழு செட்டை, முடிந்தால், நாட்டியப் பள்ளிகளுக்கு நேரடியாக விற்பதுதான் நல்லது. அரங்கேற்றம் முடிந்த மறுநாள் திருப்பி அனுப்பும் மகராசிகள் ஆன்லைனில் அதிகம்!

சிலர் செம்பு நகையை வெள்ளி நகை வகையில் ஏற்றுவார்கள், அங்கே கமிஷன் குறைவு என்று. வேண்டாம். தளம் கண்டுபிடித்தால் வகையை மாற்றிவிடும், பட்டியலையே நிறுத்தவும் செய்யலாம். நிஜமாகவே வெள்ளியில் செய்கிறீர்கள் என்றால் அந்த வகையில் போடுங்கள், அது உங்கள் உரிமை.

நேந்திரம் சிப்ஸ் ஒரு வரியில் முடிகிறது: காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள். அரை கிலோ சிப்ஸ் நொறுங்காமல் இருக்க 30, 20, 15 சென்டிமீட்டர் பெட்டி வேண்டும். கூரியரில் பெட்டியின் அளவை வைத்தும் ஒரு எடை போட்டு, எது அதிகமோ அதற்குத்தான் காசு பிடிப்பார்கள். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 1.8 கிலோ. எடை அரை கிலோ, கட்டணம் இரண்டு கிலோவுக்கு. கமிஷன் பூஜ்யமாக இருந்தாலும் தாங்காது. சென்னை, பெங்களூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு நான்கைந்து கிலோவாக, ஒரே பெட்டியில், நேரடி ஆர்டர் பிடித்து அனுப்புங்கள். மட்டிப் பழம்? தயவுசெய்து கேட்காதீர்கள், டெல்லி போய்ச் சேரும்போது பாயசமாகிவிடும்.

(திரையில்: கணக்குத் தீர்வு அறிக்கையில் எடைப் பகுதி வட்டமிட்டது)

கடைசியாக ஒரு வேலை. பணம் வந்ததும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் எந்த எடைக்குக் கட்டணம் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் 455 கிராம் பார்சல் அங்கே ஒரு கிலோ என்று ஏறியிருக்கும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. மாற்றிக் கேட்க ஆதாரம் வேண்டும். அதனால் புதுப் பெட்டி அளவைத் தொடங்கும்போதே தராசில் வைத்து ஒரு படம், அளவு நாடா வைத்து நீளம், அகலம், உயரத்துக்கு ஒவ்வொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க நாள் கெடு உண்டு, மாதக் கடைசி வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பொருள், பேக் செய்த எடை, விலை மூன்றையும் கமென்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் கருப்பட்டிக்கும் இதே கணக்கைப் போடுகிறேன்.