கேட்காமலே நடக்கும் விற்பனை

நேயர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. நியூயார்க் பங்குச் சந்தை மூடி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சீனப் பொருள்கள் மீது கூடுதலாக 100 சதவீத வரி போடப்போவதாக அதிபர் டிரம்ப் சமூக ஊடகத்தில் அறிவித்தார். இந்தியாவில் அப்போது சனிக்கிழமை அதிகாலை, இரண்டு மணி தாண்டியிருந்தது. பங்குச் சந்தைகள் வார விடுமுறைக்குப் போய்விட்டன. கிரிப்டோ சந்தைக்கு விடுமுறை கிடையாது. அன்று பகலில் 1,22,000 டாலர் அருகே இருந்த பிட்காயின், அந்த அறிவிப்பு வந்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சில கிரிப்டோ வர்த்தகத் தளங்களில் 1,05,000 டாலருக்கும் கீழே போனது. சிறிய நாணயங்கள் பலவற்றின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

செய்தியைக் கேட்டுப் பயந்து எல்லோரும் விற்றார்கள் என்று மறுநாள் பலரும் சொன்னார்கள். அப்படி விற்றவர்களும் உண்டு. ஆனால் அந்த நிமிடங்களில் நடந்த விற்பனையில் ஒரு பெரிய பகுதியை யாரும் முடிவெடுத்துச் செய்யவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் கணக்கிலிருந்தும் விற்பனை நடந்தது. அது எப்படி என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஒருவரிடம் ஆயிரம் டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிட்காயின் 1,20,000 டாலர். அவர் அதை நேரடியாக வாங்கவில்லை. பெர்ப்பெச்சுவல் என்று சொல்லப்படும், காலாவதித் தேதி இல்லாத ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தில் 20 மடங்கு லிவரேஜ் எடுக்கிறார். அதாவது ஆயிரம் டாலரை மார்ஜினாக, பிணைத் தொகையாக வைத்து, 20,000 டாலருக்குப் பிட்காயின் வாங்கியதற்குச் சமமான பொசிஷன் எடுக்கிறார். விலை 5 சதவீதம் ஏறினால் போட்ட பணம் இரட்டிப்பாகும். 5 சதவீதம் இறங்கினால் மொத்தமும் போய்விடும். அதற்கு மேலும் இறங்கினால் நட்டம் தளத்தின் தலையில் விழும். அதனால் தளம் அதுவரை காத்திருப்பதில்லை. பொசிஷனின் மதிப்பில் ஒரு சதவீதமாவது கணக்கில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி என்றால், விலை சுமார் 4 சதவீதம் இறங்கி 1,15,200 டாலரை நெருங்கியதுமே தளத்தின் கணினி அந்தப் பொசிஷனை எடுத்து விற்றுவிடும். இதுதான் லிக்விடேஷன்.

அடகுக் கடையில் நகையை மீட்காவிட்டால் ஏலம் விடுவார்கள். ஆனால் அதற்கு முன் நோட்டீஸ் வரும், தவணை கேட்கலாம், நேரில் போய்ப் பேசலாம். இங்கே அந்த அவகாசம் இல்லை. குறிப்பிட்ட விலை வந்த நொடியே விற்பனை. அதுவும், என்ன விலை கிடைத்தாலும் சரி என்று போடப்படும் மார்க்கெட் ஆர்டராகத்தான் பெரும்பாலும் போகும்.

ஒருவருடைய 20,000 டாலர் பொசிஷன் விற்கப்பட்டால் சந்தைக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அதே விலைக்கு அருகே ஆயிரக்கணக்கானவர்களின் லிக்விடேஷன் விலை குவிந்திருக்கும். ஒரே சமயத்தில் வாங்கியவர்கள், ஒரே அளவு லிவரேஜ் எடுத்தவர்கள். அவர்கள் பொசிஷன்களெல்லாம் சேர்ந்து விற்கப்படும்போது, அந்த விலையில் வாங்கக் காத்திருந்த ஆர்டர்கள் தீர்ந்துபோகும். விற்பனை அதற்குக் கீழே உள்ள விலைக்கு இறங்கும். அங்கே 15 மடங்கு எடுத்தவர்களின் எல்லை வருகிறது. அவர்களுடையதும் விற்கப்படுகிறது. விலை இன்னும் இறங்கி, பத்து மடங்கு எடுத்து இது பாதுகாப்பு என்று நம்பியவர்களை எட்டுகிறது. முதல் தள்ளலைத்தான் செய்தி கொடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு விற்பனையும் அடுத்த விற்பனைக்குக் காரணமானது.

வாங்குவதற்கு ஆள் இருந்தால் இந்தச் சங்கிலி எங்கேயாவது நின்றுவிடும். வழக்கமாக இரண்டு பக்கமும் ஆர்டர் வைத்துச் சந்தையை ஓட்டுபவர்கள் மார்க்கெட் மேக்கர்கள். விலை இவ்வளவு வேகமாக ஓடும்போது அவர்களும் ஆர்டரை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது என்று அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அன்று பைனான்ஸ் என்ற பெரிய கிரிப்டோ தளத்தில் சுமார் 4 டாலராக இருந்த, காஸ்மாஸ் என்ற கிரிப்டோ வலையமைப்பின் ஆட்டம் நாணயம், ஒரு கணம் ஒரு சென்ட்டுக்கும் கீழே விற்பனையானது இதனால்தான். அந்த நாணயத்தின் மதிப்பு அவ்வளவுதான் என்று யாரும் முடிவு செய்யவில்லை. இடையில் வாங்க ஆளே இல்லை. இந்தியப் பங்குச் சந்தையில் குறியீடு 10 சதவீதம் இறங்கினால் வர்த்தகத்தையே நிறுத்தி வைக்கிறார்கள். அந்த இடைவெளியில் வாங்குபவர்கள் யோசித்துத் திரும்பி வர முடியும். கிரிப்டோ தளங்களுக்குப் பொதுவாக அப்படி நிறுத்தும் ஏற்பாடு இல்லை. இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எல்லோரும் டாலரை மட்டும் மார்ஜினாக வைப்பதில்லை. வேறு நாணயங்களையும் அடமானமாக வைக்கலாம். அப்போது பொசிஷனில் நட்டம் வரும் அதே நேரத்தில் அடமானத்தின் மதிப்பும் குறையும். லிக்விடேஷன் எல்லை மேலே ஏறி வரும். யுஎஸ்டிஇ என்ற, ஒரு டாலரை ஒட்டியே நிற்க வேண்டிய நாணயம், அன்று பைனான்ஸில் மட்டும் 65 சென்ட் வரை இறங்கியது. மற்ற பெரிய இடங்கள் பலவற்றில் அது ஒரு டாலரை ஒட்டியே இருந்தது. பைனான்ஸ் தன் சொந்தத் தளத்தில் நடந்த விலையை வைத்தே அடமானத்தை மதிப்பிட்டதால், அதை வைத்திருந்தவர்களின் கணக்குகள் அடிபட்டன. சந்தை அடிமட்டத்தைத் தொட்ட பிறகுதான் இது நடந்தது என்று அந்த நிறுவனம் விளக்கம் கொடுத்தது. ஆனாலும் யுஎஸ்டிஇ உட்பட மூன்று நாணயங்களை அடமானமாக வைத்துப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சுமார் 28 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. மதிப்பிடும் முறையையும் மாற்றுவதாகச் சொன்னது.

விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் அன்று லாபம் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அவர்களில் பலரும் பாதியில் வெளியேற்றப்பட்டார்கள். விற்க முடியாத பொசிஷனின் நட்டத்தை ஏற்கப் பெரிய தளங்கள் பொதுவாக ஒரு காப்பீட்டு நிதி வைத்திருக்கின்றன. அதனாலும் சமாளிக்க முடியாதபோது, லாபத்தில் இருப்பவர்களின் பொசிஷனைத் தளமே மூடி, நட்டக் கணக்கோடு நேர் செய்துவிடும். ஆட்டோ டிலிவரேஜிங் என்பது இதற்குப் பெயர். ஒரு நாணயத்தை வாங்கி, இன்னொன்று இறங்கும் என்று விற்பனைப் பக்கம் கட்டி, இரண்டையும் சமன் செய்து வைத்திருந்தவருக்கு இது பெரிய அடி. விற்றிருந்த பக்கத்தைத் தளம் மூடிவிட, வாங்கிய பக்கம் மட்டும் பாதுகாப்பில்லாமல் நிற்கும். அடுத்த சில நிமிடங்களில் அதுவும் லிக்விடேட் ஆகும். கவனமாக இருந்தவர்கள் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

காயின்கிளாஸ் என்ற தரவு நிறுவனத்தின் கணக்குப்படி, 24 மணி நேரத்தில் லிக்விடேட் ஆன பொசிஷன்கள் சுமார் 1,900 கோடி டாலர். பாதிக்கப்பட்டவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். அதுவரை பதிவானதில் இதுதான் மிகப் பெரியது. ஆனால் இந்தத் தொகையை அப்படியே நட்டம் என்று படிக்கக் கூடாது. நான் சொன்ன உதாரணத்தில் ஆயிரம் டாலர் போட்டவரின் கணக்கு இதில் 20,000 டாலருக்கு அருகில் ஏறியிருக்கும். இன்னொரு பக்கம், சில தளங்கள் நடந்த லிக்விடேஷன் எல்லாவற்றையும் வெளியிடுவதில்லை. நொடிக்கு ஒன்று என்ற அளவில்தான் பைனான்ஸ் அறிவிக்கிறது என்று காயின்கிளாஸே குறிப்பிட்டிருந்தது.

அப்படியானால் ஒரு சரிவு மனிதர்கள் விற்றதால் வந்ததா, சங்கிலியால் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்ற எண்ணைப் பாருங்கள். முடிக்கப்படாமல் இருக்கும் ஒப்பந்தங்களின் மொத்த அளவு அது. விலை இறங்கும்போது அந்த அளவும் சில நிமிடங்களில் செங்குத்தாக விழுந்திருந்தால், பழைய பொசிஷன்கள் கூட்டமாக மூடப்பட்டிருக்கின்றன என்று பொருள். விலை இறங்கியும் அந்த அளவு ஏறியிருந்தால், புதிதாக வந்தவர்கள் விலை இறங்கும் என்று கட்டுகிறார்கள். அக்டோபர் 10 இரவில் அது விலையோடு சேர்ந்தே விழுந்தது.