எழுத்தில் ஒன்று, எண்ணில் ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குச் செக் எழுதுவதைப் பற்றிப் பேசப்போகிறேன். வீட்டில் செக் புத்தகம் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டே வந்தால் போதும். போன் வழியாகவே பணம் போய்விடுகிற காலம்தான் இது. ஆனாலும் வீட்டு அட்வான்ஸ், சரக்குப் பாக்கி, சீட்டுப் பணம், பள்ளிக்கூடக் கட்டணம் என்று வந்தால் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இன்னமும் செக்தான் கை மாறுகிறது.

ஒரு செக்கில் தொகையை இரண்டு இடத்தில் எழுதுகிறோம். நடுவில் கோட்டின் மேல் எழுத்தால் எழுதுகிறோம். வலப்பக்கம் ரூபாய்க் குறி போட்ட கட்டத்துக்குள் எண்ணால் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரச்சினையே இல்லை. இரண்டும் வேறு வேறாக இருந்தால் என்ன ஆகும்? எனக்கு இன்று முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. கொருக்குப்பேட்டையில் நைட்டி தைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன யூனிட். தையல் கூலி 45,900 ரூபாய். கடைக்காரர் கட்டத்தில் 45,900 என்று சரியாகப் போட்டுவிட்டார். கோட்டின் மேல் தமிழில் எழுதும்போது ‘நாற்பத்தைந்தாயிரத்துத் தொண்ணூறு’ என்று எழுதிவிட்டார். அவசரத்தில் வாசித்தால் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். இன்னொரு தடவை கேளுங்கள். தொண்ணூறு என்றால் 90. அவர் எழுத வேண்டியது தொள்ளாயிரம். ஆக எண்ணில் இருப்பது 45,900, எழுத்தில் இருப்பது 45,090. வித்தியாசம் 810 ரூபாய்.

இந்த இடத்தில் நம் தமிழைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒன்பது வருகிற இடத்திலெல்லாம் நம் எண்ணுப்பெயர்கள் ஒரு படி மேலே ஏறி நிற்கின்றன. தொண்ணூறு என்பதில் நூறு கேட்கிறது, ஆனால் அது வெறும் 90. தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் கேட்கிறது, ஆனால் அது 900. ஆயிரத்துக்கு வந்தால்தான் ஒன்பதாயிரம் என்று நேராகச் சொல்கிறோம். எட்டில் இந்தச் சிக்கல் கிடையாது. எண்பது, எண்ணூறு, எட்டாயிரம் என்று ஒழுங்காக வருகிறது. தொகையில் ஒன்பது இருந்தால் மட்டும் எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செக்கைத் தமிழில் எழுதலாம். இங்கிலீஷ், இந்தி, அந்தந்த மாநில மொழி, எதில் வேண்டுமானாலும் வாடிக்கையாளர் எழுதலாம். தமிழில் எழுதினால் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நம் தையல் யூனிட் செக்குக்கு வருவோம். இந்தச் செக் எவ்வளவு ரூபாய்க்கு? சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆவது பிரிவு: எழுத்தும் எண்ணும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை. காரணம் புரிந்துகொள்வது சுலபம். 1-ஐ 7 ஆக்க ஒரு சின்னக் கீறல் போதும். கடைசியில் ஒரு சைபர் சேர்க்க ஒரு நொடி போதும். எழுத்தில் அப்படி லேசாகக் கை வைக்க முடியாது. ஆகவே சட்டப்படி நம் செக் 45,090 ரூபாய்க்கு.

அப்படியானால் வங்கியில் போட்டால் 45,090 வந்துவிடுமா? வராது. பலர் தடுமாறுகிற இடம் இது. பிரிவு பதினெட்டைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ‘எழுத்தில் உள்ளதைக் கொடுங்கள்’ என்று கவுன்ட்டரில் வாதாடிப் பயன் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் போடுகிற செக், எழுதினவருடைய வங்கிக்குக் காகிதமாகப் போவதில்லை. உங்கள் வங்கியிலேயே ஸ்கேன் செய்து, படத்தைத்தான் கிளியரிங்குக்கு அனுப்புகிறார்கள். சென்னையில் இந்த முறை 2011 செப்டம்பரில் வந்தது. படத்தோடு சேர்த்து, ‘இவ்வளவு ரூபாய் தாருங்கள்’ என்று ஒரு தொகையும் பதிவாகிப் போகிறது. நம் செக்குக்கு 45,900 என்று போகும். அந்தப் பக்கம் படத்தைப் பார்க்கிறவர் எழுத்தில் 45,090 என்று படிப்பார். கேட்டது ஒன்று, எழுத்தில் உள்ளது ஒன்று. அவர் யாரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டார். ‘எழுத்திலும் எண்ணிலும் தொகை வேறுபடுகிறது’ என்று காரணம் போட்டுத் திருப்பிவிடுவார். செக் திரும்புவதற்கென்று வங்கிகளிடம் உள்ள காரணப் பட்டியலில் இதுவும் ஒன்று. ரிட்டர்ன் மெமோவில் அதைப் பார்ப்பீர்கள். திரும்பிய செக்குக்கு வங்கிக் கட்டணமும் பிடிக்கக்கூடும்.

இப்படித் திரும்பிய செக்கை மறுபடியும் போடாதீர்கள். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிய செக்கென்றால், பணம் வந்த பிறகு மறுபடி போடலாம். இங்கே பணம் இருக்கிறது, கோளாறு காகிதத்தில் இருக்கிறது. எத்தனை தடவை போட்டாலும் அதே படம்தான் போகும்.

திருத்தலாமா என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் அடித்துவிட்டு, மேலே எழுதி, பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். பெரியவர்கள் பலர் இன்னும் அதைச் செய்கிறார்கள். இப்போது படம் வழியாகக் கிளியரிங் ஆகிற செக்கில் அது நடக்காது. பெயரிலோ, எழுத்துத் தொகையிலோ, எண் தொகையிலோ திருத்தம் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போட்டிருந்தாலும் கூடாது. புது லீஃப்தான் எழுத வேண்டும். தேதியைப் புதுப்பிக்கிற திருத்தத்துக்கு மட்டும் விதியில் இடம் இருக்கிறது. அதற்கும் புது லீஃப் எழுதுவதே நல்லது. செக்கை வாங்குகிறவர் தானே பேனாவை எடுத்துத் தொகையைத் திருத்தினால் அது இன்னும் மோசம். எழுதினவர் சம்மதமில்லாமல் தொகையை மாற்றினால் சட்டப்படி அந்தச் செக்கே செல்லாமல் போய்விடும். அது 810 ரூபாய்க்காக 45,000-த்தை ஆபத்தில் வைப்பது.

ஆக, கொருக்குப்பேட்டைக்காரர் செய்ய வேண்டியது என்ன? செக்கைக் கையில் வாங்கினதும், கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் எழுத்தையும் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே வேறு செக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது என்றாலும் வங்கிப் பெட்டியில் போடாமல் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைக்காரர் பழைய செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதன் குறுக்கே பெரிதாக ‘கேன்சல்’ என்று எழுதிவைத்துவிட்டுத்தான் புதியது தர வேண்டும்.

எழுதுகிறவருக்கும் ஒரு பழக்கம் சொல்கிறேன். முதலில் எழுத்து, பிறகு எண். எழுத்தைக் கோட்டின் இடது ஓரத்தை ஒட்டி, முன்னால் இடம் விடாமல் ஆரம்பியுங்கள். இடம் விட்டால் ‘ஐந்தாயிரம்’ என்பதற்கு முன்னால் ‘நாற்பத்து’ வந்து உட்கார்ந்துகொள்ளும். முடிந்ததும் ‘மட்டும்’ போட்டு, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கட்டத்துக்குள் எண்ணை ரூபாய்க் குறியை ஒட்டியே தொடங்கி, கடைசியில் ஒரு சாய்கோடும் சின்னக் கோடும் போடுங்கள். கறுப்பு அல்லது கருநீல மை, அழியாத மை. வெளிர் நிற மை ஸ்கேன் படத்தில் மங்கிவிடும். தொகையின் மேலோ கையெழுத்தின் மேலோ கடை முத்திரையைக் குத்தாதீர்கள். அடியில் எண்கள் அச்சடித்த வெள்ளைப் பட்டையில் எதுவும் எழுதவே கூடாது. அது இயந்திரம் படிக்கிற இடம்.

அடுத்தது கிராஸ் பண்ணுவது. செக்கின் இடது மேல் மூலையில் இரண்டு சாய்ந்த கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக. அவ்வளவுதான். கோடு சின்னதாக மூலையோடு நிற்கட்டும், பெயர் மேலே ஓடக்கூடாது. இந்த இரண்டு கோட்டுக்கு என்ன அர்த்தம்? இந்தச் செக்குக்குக் கவுன்ட்டரில் ரொக்கம் தராதே, ஒரு வங்கிக் கணக்கு வழியாக மட்டும் கொடு என்று அர்த்தம். ஆனால் யாருடைய கணக்கு என்று வெறும் கோடு சொல்லாது. மின்ட் பஸ் ஸ்டாப்பில் தவறவிட்ட செக்கை வேறொருவர் தன் கணக்கில் போட்டுக்கொள்ள முயலலாம். அதைத் தடுக்கக் கோட்டுக்கு நடுவில் ‘அக்கவுன்ட் பேயி’ என்று எழுத வேண்டும். அப்போது பெயர் போட்டவரின் கணக்கில் மட்டும்தான் வரவு வைக்க முடியும். பெயருக்குப் பின்னால் அச்சிட்டிருக்கிற ‘ஆர் பேரர்’, அதாவது ‘அல்லது கொண்டுவருபவருக்கு’ என்பதையும் அடித்துவிடுங்கள். இப்படி அடிப்பது திருத்தம் ஆகாது. உங்களுக்கே ரொக்கம் எடுக்க ‘செல்ஃப்’ என்று எழுதுகிற செக்கில் மட்டும் கிராஸ் கூடாது. அந்தச் செக்கை வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வங்கிக்குள் போய் எழுதுங்கள். வழியில் விழுந்தால் எடுத்தவர் கைக்குப் பணம் போய்விடும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். செக்கின் ஆயுளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 ஏப்ரல் 1 முதல் அது மூன்று மாதம். முன்பு ஆறு மாதமாக இருந்தது, அந்தப் பழைய நினைப்பில் யாரும் இருக்க வேண்டாம். செக்கில் போட்ட தேதியிலிருந்து கணக்கு, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. பொங்கலுக்குத் தேதி போட்ட செக் சித்திரைப் பிறப்போடு முடிந்துவிடும். அன்றைக்கு வங்கியும் விடுமுறை. அதனால் பங்குனி கடைசி வரை வைத்திருக்காமல் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தேதி தாண்டிவிட்டால் செக்தான் செல்லாது, பாக்கி அப்படியே நிற்கும். புதிய செக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வருகிற தேதி போட்ட செக்கை அந்தத் தேதிக்கு முன்னால் போட்டாலும் திரும்பிவிடும். வணக்கம்.