நூற்றெட்டும் முப்பது சுற்றும்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கருவி எந்த எண்ணைக் காட்டினாலும், அதை வேறொரு வழியில் அளந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ட்ரெட்மில் காட்டும் வேகம் உண்மையான வேகம்தானா என்று ஒரு சாக்பீஸையும் ஸ்டாப்வாட்சையும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கும் முறையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சே இதற்குப் போதும்.

என் மனைவியின் தம்பி பாளையங்கோட்டையில் இருக்கிறார். சென்ற ஆண்டு யாரோ பயன்படுத்திய ட்ரெட்மில் ஒன்றை வாங்கி மாடியில் போட்டார். அதில் 6 கிலோமீட்டர் வேகம் வைத்து அரைமணி நேரம் நடந்தாலும் அவருக்கு மூச்சு வாங்குவதில்லை. ஆனால் மைதானத்தில் 400 மீட்டர் ஓடுபாதையை நான்கு நிமிடத்தில் சுற்றினால், அதுவும் அதே 6 கிலோமீட்டர் வேகம்தான், இரண்டாவது சுற்றிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. “அத்தான், மெஷின் பொய் சொல்லுதா, என் கால் பொய் சொல்லுதா?” என்று கேட்டார். “ரெண்டையும் நம்பாண்டாம் மாப்பிள்ளை, அளந்து பாத்திருவோம்” என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரர் நாடாவோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

இந்த முறையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தகப்பனாரிடமிருந்து கற்றேன். அவர் அம்பாசமுத்திரம் பக்கத்தில் சாலை மேஸ்திரியாக இருந்தார். நீளமான வரப்பையோ வண்டிப்பாதையையோ அளக்க வேண்டுமென்றால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார். சைக்கிள் சக்கரத்தின் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது கீழே வரும் ஒவ்வொரு முறையும் ஓர் எண் சொல்லிக்கொண்டே போவார். அவருடைய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 7 அடி 4 அங்குலம் உருளும். ஒரு தடவை, ஒப்பந்தக்காரர் ஒருவர் இதே வித்தையைச் செய்து, கால்வாய்க் கரை ஒன்றின் நீளத்தை 400 சுற்று, அதாவது ஏறக்குறைய 2933 அடி என்று எழுதிக் கொடுத்தார். தகப்பனார் சங்கிலி பிடித்து அளந்தபோது 2900 அடிதான் வந்தது. சுற்றுகளை எண்ணியதில் தவறில்லை. 33 அடி எங்கே போயிற்று?

சக்கரம் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் உருளும் என்பதை அந்த மனிதர் சைக்கிளை வெறுமனே தள்ளி அளந்திருக்கிறார். கரையை அளக்கும்போது ஏறி உட்கார்ந்து மிதித்திருக்கிறார். டயரில் காற்றும் குறைவு. ஆள் ஏறியதும் டயர் அமுங்கி, ஒரு சுற்றுக்கு ஓர் அங்குலம் குறைந்துவிட்டது. நானூறு அங்குலத்தை அடியாக மாற்றிப் பாருங்கள், முப்பத்துமூன்று சொச்சம் வரும். “ஆள் ஏறாத வண்டிக்கு ஒரு கணக்கு, ஆள் ஏறிய வண்டிக்கு வேறு கணக்கு” என்று தகப்பனார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நேயர்கள் இந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் இதே கதை ட்ரெட்மில்லிலும் வரப்போகிறது.

முதல் வேலை, பெல்ட்டின் முழு நீளத்தை அளப்பது. மின்இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு கறுப்பு பெல்ட்டின் ஓரத்தில், கால் படாத இடத்தில், சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு சிறு புள்ளி வையுங்கள். பெல்ட்டைக் கையால் மெதுவாக இழுத்து, அந்தப் புள்ளியிலிருந்து அடுத்த மீட்டரை அளந்து இன்னொரு புள்ளி வையுங்கள். இப்படியே போனால் முதலில் போட்ட கோடு அடியில் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே வந்து நிற்கும். மீதியை அளந்து கூட்டிக்கொள்ளலாம். மைத்துனர் வீட்டு பெல்ட் இரண்டு முழு மீட்டரும் 84 சென்டிமீட்டரும் இருந்தது, அதாவது 2.84 மீட்டர். நாடா வளையாமல் படிந்திருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் விடையில் மூன்றில் ஒரு சதவீதம் பிசகும் என்பதால் நாங்கள் இரண்டு முறை அளந்தோம்.

அடுத்து, பெல்ட் ஓடும்போது அந்தச் சாக்பீஸ் கோடு முப்பது முறை சுற்றிவர எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். பக்கச் சட்டத்திலும் ஒரு கோடு போட்டு, அதற்கு நேரே தரையில் உட்கார்ந்து, தலையை அசைக்காமல் பாருங்கள். பெல்ட்டின் கோடு சட்டத்தின் கோட்டைத் தாண்டும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். குழந்தைகளை அறைக்கு வெளியே வையுங்கள். பின்பக்க உருளையின் அருகே விரலையோ சேலைத் தலைப்பையோ கொண்டுபோகக் கூடாது.

ஏன் முப்பது சுற்று என்று கேட்பீர்கள். 6 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே ஒரு சுற்றுக்கு நேரம் பார்த்தால் அது ஒன்றே முக்கால் வினாடிகூட இருக்காது. கட்டை விரல் கால் வினாடி தாமதித்தாலே விடை பாழாகிவிடும். முப்பது சுற்றுக்கு ஐம்பது வினாடிக்கு மேல் ஆவதால், அதே கால் வினாடி அரை சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. மீட்டரையும் வினாடியையும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்ற 3.6 ஆல் பெருக்க வேண்டும். முப்பதை 3.6 ஆல் பெருக்கினால் நூற்றெட்டு. பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய்க் கணக்குதான், மறக்கவே மறக்காது. ஆகவே பெல்ட்டின் நீளத்தை மீட்டரில் எடுத்து நூற்றெட்டால் பெருக்குங்கள், முப்பது சுற்றுக்கு ஆன வினாடிகளால் வகுங்கள், வேகம் கிடைத்துவிடும். மறுபடியும் சொல்கிறேன்: நீளத்தை நூற்றெட்டால் பெருக்கி, முப்பது சுற்றின் வினாடிகளால் வகுக்க வேண்டும். எங்கள் பெல்ட்டுக்கு 2.84 ஐ நூற்றெட்டால் பெருக்கினால் 306.7 வருகிறது. அதை ஒரு காகிதத்தில் எழுதி ட்ரெட்மில்லின் கைப்பிடியிலேயே ஒட்டிவிட்டேன்.

முதல் தடவை, திரையில் 6.0 வைத்து ஆள் ஏறாமல் ஓடவிட்டபோது, மைத்துனரின் மகள் எண்ணினாள். விடை 6.1 என்று வந்தது, அதாவது இயந்திரம் காட்டுவதைவிட வேகமாக ஓடுகிறது என்று பொருள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது என்ன எண் சொன்னாய் அம்மா என்று கேட்டேன். “ஒண்ணு, மாமா” என்றாள். அங்கேதான் தவறு. தொடக்கத்தில் பூச்சியம் சொல்ல வேண்டும். கோடு ஒரு முறை சுற்றித் திரும்பி வந்தபிறகுதான் ஒன்று. ஒன்றிலிருந்து தொடங்கினால் உண்மையில் இருபத்தொன்பது சுற்றைத்தான் அளந்திருப்போம். ஆய்வுக்கூடத்தில் ஊசலை எண்ணும் மாணவர்களிடம் ஆண்டு தவறாமல் நான் பார்த்த பிழை இது. பூச்சியத்தில் தொடங்கி மறுபடி எண்ணியபோது 51.9 வினாடி வந்தது, 306.7 ஐ அதால் வகுத்தால் 5.9 கிலோமீட்டர். திரை காட்டியது 6.0. இந்த வேறுபாட்டைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

ஆனால் அது ஆள் ஏறாத வண்டி. தகப்பனார் சொன்னதை நினைத்துக்கொண்டு மைத்துனரை ஏறி நடக்கச் சொன்னேன். அவருடைய எடை 82 கிலோ. திரையில் அதே 6.0 தான் நின்றது. முப்பது சுற்றுக்கு 57.4 வினாடி ஆயிற்று. வகுத்துப் பார்த்தால் 5.3 கிலோமீட்டர்தான்! ஒவ்வொரு அடியிலும் பாதம் இறங்கும்போது பெல்ட் ஒரு கணம் தயங்குவது கண்ணுக்கே தெரிந்தது. அவருடைய கால் பொய் சொல்லவில்லை.

திரைக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? சில இயந்திரங்களில் உருளையோடு சுழலும் காந்தம் ஒன்று ஓர் உணரியைத் தாண்டிப்போகும், அதை எண்ணி வேகத்தைத் திருத்திக்கொள்வார்கள். மலிவான சில இயந்திரங்களிலோ, மோட்டாருக்கு என்ன கட்டளை போயிற்றோ அதையே திரை காட்டும். மோட்டார் அதை நிறைவேற்றியதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. உணரி இருக்கும் இயந்திரத்திலும் ஓர் ஓட்டை உண்டு. உருளை சரியாகச் சுழன்று, அதன்மேல் பெல்ட் வழுக்கினால், உணரி உருளையைத்தான் எண்ணும். பெல்ட்டை அது பார்ப்பதே இல்லை. சாக்பீஸ் கோடு மட்டுமே பெல்ட்டோடு போகிறது.

ஆள் ஏறாமல் சரியாக ஓடி, ஆள் ஏறியதும் தளர்ந்தால், குற்றம் பெரும்பாலும் உராய்விலோ வழுக்கலிலோ இருக்கும். மாறாக, ஆள் இல்லாமலும் ஆள் ஏறியும் ஒரே விகிதத்தில் பிசகினால், கட்டுப்பாட்டுப் பலகையில் பதிந்துள்ள அளவு தவறு; அதைப் பழுது பார்ப்பவர்தான் திருத்த வேண்டும். அளந்த வேகம் திரையைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு வந்தால் பதற வேண்டாம், திரை மைலில் காட்டுகிறது.

எங்கள் இயந்திரத்தில் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் கை விட்டுப் பார்த்தேன், மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகுதான். பெல்ட்டை அடியில் தாங்கும் பலகை முழுக்க உலர்ந்து கிடந்தது. பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையே சிலிக்கான் எண்ணெய் இட வேண்டும், அதுவும் இரண்டு மேசைக்கரண்டி அளவு போதும். “தேங்கெண்ணெய் விட்டா என்ன அத்தான்?” என்றார் மைத்துனர். கூடாது. தேங்காய் எண்ணெய் பிசுக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் போன்றவை பெல்ட்டைக் கெடுக்கும். சிலிக்கான் எண்ணெய் இட்டு, ஆள் ஏறாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அவரை மறுபடி ஏற்றி எண்ணினோம். 52.6 வினாடி, அதாவது 5.8 கிலோமீட்டர். அன்று மாலையே அவர், “இப்பத்தான் அத்தான் மூச்சு வாங்குது” என்றார், ஏதோ நான் கெடுதல் செய்துவிட்டதைப் போல.

எண்ணெய் இட்ட பிறகும் பாதம் இறங்கும்போது பெல்ட் வெட்டி வெட்டி நின்றால் அது வழுக்கல்; பின்பக்கத்து இரண்டு திருகுகளையும் சம அளவில் கால் சுற்று மட்டும் இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் உருளையின் பேரிங் தேய்ந்துவிடும்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார். ஓடுகிறவர்களுக்காக வைத்திருந்த பகுதியை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். 12 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கோடு ஒரு வினாடிக்குள் ஒரு சுற்று வந்துவிடும், வாயால் எண்ண முடியாது. கைப்பேசியில் காணொளி எடுத்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள், நேரத்தையும் அந்தக் காணொளியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை உயர்த்தி நடப்பவர்கள் அந்தச் சரிவிலேயே தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் சரிவில் நம் எடையே பெல்ட்டைப் பின்னால் தள்ளுவதால், சில இயந்திரங்களில் அது திரை காட்டுவதைவிட வேகமாகவும் ஓடும். வணக்கம்.