கவராயத்தால் வரையும் ஒளிவிலகல்

நண்பர்களே, ஒரு தாளும் கவராயமும் இருந்தால் போதும், ஸ்னெல் விதியை மனப்பாடம் செய்யாமல் வரைந்தே எடுத்துவிடலாம். வழி காட்டியவர் டச்சு அறிஞர் ஹைகென்ஸ். அலைமுகப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிற்றலையைக் கிளப்புகிறது; சிறிது நேரம் கழித்து அந்தச் சிற்றலைகள் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் கோடே புதிய அலைமுகப்பு. 1690-இல் வெளிவந்த அவருடைய நூலில் உள்ள கருத்து இவ்வளவுதான்.

காற்றிலிருந்து நீர்ப்பரப்பின் மேல் 45° சாய்வில் ஒளி விழுகிறது. அலைமுகப்பின் ஒரு முனை A நீரைத் தொட்டுவிட்டது. மறுமுனை B இன்னும் காற்றில் இருக்கிறது. அது நீரைத் தொடப்போகும் இடம் C. BC நீளம் 4 செ.மீ. என்று வைத்தால், AC சுமார் 5.66 செ.மீ. வரும்.

B அந்த 4 செ.மீ. கடக்கும் நேரத்தில் A சும்மா இருக்காது. மேலே காற்றில் அது அனுப்பும் சிற்றலையின் ஆரமும் 4 செ.மீ.தான், வேகம் ஒன்றே என்பதால். C-யிலிருந்து அந்த வட்டத்துக்குத் தொடுகோடு வரையுங்கள். இரண்டு செங்கோண முக்கோணங்களும் சர்வசமம். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாகிவிட்டன. எதிரொளிப்பு முடிந்தது.

நீருக்குள்தான் சுவை. அங்கே ஒளியின் வேகம் காற்றில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. எனவே கீழே போகும் சிற்றலையின் ஆரம் 3 செ.மீ. C-யிலிருந்து அதற்குத் தொடுகோடு வரைந்தால், விலகுகோணத்தின் சைன் 3/5.66, அதாவது 0.53. கோணம் சுமார் 32°. ஒளி செங்குத்துக்கோட்டை நோக்கி வளைந்துவிட்டது. AC இரண்டு முக்கோணங்களுக்கும் பொதுப் பக்கம். அதனால் இரு கோணங்களின் சைன்களின் விகிதம் வேகங்களின் விகிதமாகிறது. இதுதான் ஸ்னெல் விதி.

பலர் இங்கே ஒரே ஒரு வட்டம் வரைந்து நிறுத்திவிடுகிறார்கள். அப்படியானால் அந்தத் தொடுகோடு அலைமுகப்பு என்பதற்கு என்ன சாட்சி? AC-யின் நடுப்புள்ளியில் அலை பாதி நேரம் கழித்துத்தான் வந்து சேரும். அங்கிருந்து கிளம்பும் சிற்றலையின் ஆரம் 1.5 செ.மீ. வரைந்து பாருங்கள், அதே கோட்டைத் தொடும்.

நியூட்டனின் துகள் கொள்கைப்படி ஒளி இப்படி வளைய வேண்டுமானால் நீரில் வேகம் கூட வேண்டும். 1850-இல் ஃபூக்கோ சோதித்தபோது வேகம் குறைவதாகத்தான் தெரிந்தது.

சரி, இப்போது ஒளியை நீரிலிருந்து காற்றுக்கு அனுப்புவோம், படுகோணம் 60°. BC இப்போது நீருக்குள், 3 செ.மீ. AC 3.46 செ.மீ.தான். ஆனால் காற்றில் A-யின் சிற்றலைக்கு ஆரம் 4 செ.மீ. C அந்த வட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. உள்ளிருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடு ஏது? அதனால் காற்றுக்குள் விலகும் கதிர் கிடையாது, ஒளி முழுவதும் நீருக்கே திரும்புகிறது. இதுதான் முழு அக எதிரொளிப்பு. C சரியாக வட்டத்தின் மேலேயே விழும் கோணம் சுமார் 48.6°, மாறுநிலைக் கோணம் என்கிறோமே, அது இதுதான்.