நெஞ்சுப் படத்தில் நிழல்

டர்பன் நேயர்களுக்கு வணக்கம். எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இன்று நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு மண்டபத்து வாசலில் காசநோய் வண்டி வந்து நிற்கிறது. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாத ஒரு பெரியம்மா, அக்கம்பக்கத்தார் போகிறார்களே என்று தானும் போய் நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்கிறார். "படத்தில் நிழல் தெரிகிறது, சளி கொடுத்துவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். அந்தப் பெரியம்மாவுக்குக் காசநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

வீட்டில் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். "இந்தப் படம் காசநோய்க்காரர்களில் நூற்றுக்கு 90 பேரைப் பிடித்துவிடுமாம். அப்படியானால் இவருக்கு 90 சதவீதம் இருக்கிறது." அன்றிலிருந்தே தட்டு தனி, டம்ளர் தனி, பேரப்பிள்ளைகள் அடுத்த அறையில். பாத்திரம் வழியாகக் காசநோய் பரவாது என்பது ஒரு புறம் இருக்கட்டும். அந்த 90 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். காசநோய் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேர் படத்தில் நிழல் விழுகிறது என்று எண்ணிய எண் அது. பெரியம்மாவுக்கு வேண்டியதோ வேறு எண். நிழல் விழுந்தவர்களை எல்லாம் ஒன்றாக நிறுத்தினால், அவர்களில் எத்தனை பேருக்குக் காசநோய் இருக்கிறது?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். நம்ம ஊர் தைப்பூசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காவடி எடுப்பவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் உடுத்தியிருப்பார்கள். ஆனால் அன்று கோயிலில் மஞ்சள் உடுத்தி நிற்கும் எல்லாரையும் எண்ணினால், காவடி எடுப்பவர் அதில் ஒரு பங்குதான். எந்தக் கூட்டத்தில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும்.

சரி, நம் நாட்டு எண்களை வைத்தே எண்ணிப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் முதல் தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு 2018-ஐ ஒட்டி நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு லட்சத்துக்கு 852 பேருக்கு நுரையீரல் காசநோய் இருக்கும் என்பது அதன் மதிப்பீடு. உலக அளவில் பார்த்தால் இது மிக அதிகம். ஆனாலும் தெருவில் போகிற நூறு பேரை நிறுத்தினால் ஒருவருக்குக்கூட முழுதாக வராத எண்தான். படத்துக்கு, உலக சுகாதார நிறுவனம் இதுபோன்ற முதல்கட்டச் சோதனைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவை எடுத்துக்கொள்வோம். நோய் இருப்பவர்களில் நூற்றுக்கு 90 பேரைப் பிடிக்க வேண்டும். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 70 பேரைச் சரியாக விட்டுவிட வேண்டும். மீதி 30 பேருக்கு வீண் சந்தேகம்.

சதவீதத்தை மறந்துவிட்டு ஆட்களாக எண்ணுங்கள். வண்டிக்கு 10,000 பேர் வந்தார்கள் என்று வையுங்கள். அவர்களில் 85 பேருக்குக் காசநோய், 9,915 பேருக்கு இல்லை. அந்த 85 பேரில் 76 பேர் படத்தில் நிழல் தெரியும், 9 பேர் தப்பிவிடுவார்கள். நோய் இல்லாத 9,915 பேரில் நூற்றுக்கு 30 என்றால் 2,975 பேர். இவர்கள் படத்திலும் நிழல். ஆக நிழல் விழுந்தவர்கள் மொத்தம் 3,051 பேர். அதில் உண்மையாகவே காசநோய் உள்ளவர்கள் 76. அதாவது 40 பேரில் ஒருவர். பெரியம்மாவின் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரை.

வீட்டில் போட்ட கணக்கு 90, சரியான விடை இரண்டரை. படம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. நோய் இல்லாதவர்கள் ஏராளம். அவர்களில் சிறு பங்கு தவறினாலும், நோய் உள்ள சிலரைக் கூட்டத்தில் மூழ்கடித்துவிடும். படிக்காதவர்கள்தான் இதில் தடுக்கி விழுவார்கள் என்று எண்ண வேண்டாம். 1978-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் 60 மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு நோய், வீண் சந்தேகம் நூற்றுக்கு 5. கிட்டத்தட்டப் பாதிப்பேர் 95 சதவீதம் என்றார்கள். விடை சுமார் 2. சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

அப்புறம், "நிழல் இல்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களையும் பாருங்கள். 6,949 பேரில் 9 பேருக்குத்தான் நோய் இருக்கிறது, ஏறத்தாழ 770-க்கு ஒருவர். இந்த வண்டி நன்றாகச் செய்யும் வேலை அதுதான். பத்தாயிரம் பேரிடம் சளி வாங்கிச் சோதிக்க எந்தக் கிளினிக்காலும் முடியாது. மூவாயிரமாகக் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அதற்காகத்தான் படம் வாசிப்பவரிடம், லேசான சந்தேகம் வந்தாலும் விடாதே, எழுது என்று சொல்லி வைத்திருப்பார்கள். இருமல் இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நான் சொன்ன அந்தக் கணக்கெடுப்பில் நோய் உறுதியானவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை.

அந்த 2,975 பேர் படத்தில் நிழல் எப்படி வந்தது? பலருக்கு எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு. தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்குக் கல்தூசி நுரையீரலில் படிந்த அடையாளம். சிலருக்கு வேறு நுரையீரல் கோளாறு, அதையும் பார்க்கத்தான் வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொன்றும் உண்டு: தலைப்பின்னல். நம் பெண்களின் நீளப் பின்னல் தோளுக்கு முன்னால் விழுந்திருந்தால், படத்தில் நுரையீரலின் மேல் நுனியில் மங்கலான ஒரு திட்டு விழும். காசநோய் அதிகம் தங்குகிற இடமும் அந்த மேல் நுனிதான். அதனால்தான் படத்துக்கு முன் முடியை மேலே தூக்கிக் கட்டச் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாமல் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் திட்டு நெஞ்சுக்கூட்டையும் தாண்டிக் கழுத்துப் பக்கம் நீண்டிருந்தால், அது முடி என்று கண்டுபிடித்துவிடலாம். அவசரமாக வாசித்தால் அதுவும் தப்பிப்போகும்.

இப்போது பெரியம்மா சளி கொடுக்கிறார். அது ஜீன் எக்ஸ்பெர்ட் இயந்திரத்துக்குப் போகிறது. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை இது. அதன் இன்றைய வடிவம் அல்ட்ரா. நோய் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 91 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் சுமார் 4 பேரைத் தவறாகக் காட்டும் என்று ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த எண்கள் பெரும்பாலும் அறிகுறியோடு வந்தவர்களிடம் எடுத்தவை என்பதை நினைவில் வையுங்கள். சரி, 3,051 பேரும் சளி கொடுத்தால்? 76 பேரில் 69 பேருக்கு "இருக்கிறது" என்று வரும். 2,975 பேரில் 119 பேருக்கும் "இருக்கிறது" என்றே வரும். மொத்தம் 188, அதில் உண்மையானது 69. இரண்டு சோதனையும் ஆம் என்ற பிறகும் வாய்ப்பு நூற்றுக்கு 37-தான். எனக்கே முதலில் இதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. படம் ஏமாறுவதும் சளிச் சோதனை ஏமாறுவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துத்தான் இதைப் போட்டேன். நிஜத்தில் பழைய காசநோய் இரண்டையும் சேர்த்தே ஏமாற்றும். ஆறிய தழும்பு படத்தில் நிழலாகத் தெரியும். செத்துப்போன கிருமியின் மரபுப்பொருள் சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்தும் சளியில் வரலாம், அல்ட்ரா அதையும் பிடித்துவிடும். ஆகவே முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடம் தவறு 4-ஐவிடக் கூடும், வந்தே இராதவர்களிடம் குறையும். 37 என்பது இந்த இரு வகையினரையும் ஒன்றாகக் கலந்து எடுத்த எண். முன்பு சிகிச்சை எடுத்தீர்களா என்று நர்ஸ் கேட்கும்போது, வெட்கப்பட்டு இல்லை என்று சொல்லிவிடுபவர்கள் நம்மவர்களில் நிறைய. அந்த ஒரு பதில் சோதனை முடிவுக்கே வேறு அர்த்தம் கொடுக்கும்.

அல்ட்ரா சில சமயம் "ட்ரேஸ்" என்று எழுதித் தரும். மிகச் சிறிய அளவில் ஏதோ கிடைத்தது என்று பொருள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதையே நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களிடம் பொதுவாக இன்னொரு முறை புதுச் சளி கேட்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை. உயிருள்ள கிருமிதான் வளரும், அதனால் பழைய தழும்பு அங்கே ஏமாற்றாது. ஆனால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல ஆறு வாரம்வரை ஆகும்.

அதுவரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது பரவாயில்லை. கல்லீரல் கெடலாம், மற்ற மாத்திரைகளோடு மோதலாம் என்பதுதான் கவலை. அதே சமயம், இரவில் வியர்வை, எடை குறைவு, மூன்று வார இருமல் என்று வருபவரின் கதை வேறு. அப்படி வருபவர்களில் பத்தில் ஒருவருக்கு நோய் என்று வையுங்கள். ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய், அவர்களில் 90 பேர் படத்தில் நிழல். மற்ற 900 பேரில் 270 பேர் படத்தில் நிழல். 360-க்கு 90, நாலில் ஒன்று. அதே படம், அதே நிழல். வண்டியில் எடுத்தால் நாற்பதில் ஒன்று, இருமலோடு வந்து எடுத்தால் நாலில் ஒன்று. டாக்டர் ஒருவருக்கு இன்றே மருந்து கொடுத்து, இன்னொருவரை இன்னொரு முறை சளி கொடு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நிழல் என்று சொல்லி அனுப்பினால், சளி கொடுக்கத் தவறாதீர்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். போகும்போது, வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே ஏதாவது கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே அளவில் அதே நிழல் இருந்தால், அது தழும்பு என்று நினைக்க டாக்டருக்கு வலுவான காரணம் கிடைக்கும். அப்போது இல்லாத நிழல் இப்போது வந்திருந்தால், அவர் வேகமாக நடவடிக்கை எடுப்பார்.