அரைப் பனடோலும் பின்னேர மருந்தும்

(கல்லடியில் பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

போன வருடம் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு 13 வயது, 40 கிலோ. மாதத்தில் மூன்று தடவை ஒற்றைத் தலையிடி. சத்தியும் வரும், வெளிச்சமும் கூசும். “பனடோல் கேட்கிறதில்லை டொக்டர், ட்ரிப்டான் எழுதித் தாங்கோ” என்றார். ட்ரிப்டான் என்பது ஒற்றைத் தலையிடிக்கென்றே உள்ள மருந்து வகை.

எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அரைக் குளிசை, அதாவது 250 மில்லிகிராம். எப்போது? தலையிடி மூன்றாம் பாடத்தில் தொடங்கும், மருந்து வீட்டுக்கு வந்த பிறகு.

மருந்தில் பிழையில்லை, அளவும் நேரமும்தான் பிழை. பராசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம். இந்தப் பிள்ளைக்கு 600 வரும், கிடைத்ததோ பாதிக்கும் குறைவு. ஆனால் நான் முதலில் எடுப்பது இபுபுரோபன். பிள்ளைகளின் ஒற்றைத் தலையிடிக்கு அதற்குத்தான் சான்று கூட. கிலோவுக்கு 10 மில்லிகிராம், 40 கிலோவுக்கு 400, அதாவது 200 மில்லிகிராம் குளிசை இரண்டு. தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் இரைப்பையின் அசைவு மந்தமாகும், குளிசை உள்ளேயே கிடக்கும். அடுத்த தடவைக்கு ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் டெங்கும் வரும். தலையிடியோடு காய்ச்சல் இருந்தால் இபுபுரோபன் வேண்டாம், இரத்தக் கசிவுக்கு வழிவிடும். பராசிற்றமோல் மட்டும் கொடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். கழுத்து விறைத்தாலும், கை கால் சோர்ந்தாலும், விடியற்காலையில் தலையிடி எழுப்பினாலும் குளிசை தேடிக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, ட்ரிப்டான் எப்போது? சரியான அளவை நேரத்துக்குக் கொடுத்தும் இரண்டு மூன்று தடவை கேட்காவிட்டால், அப்போது. 12 வயதிலிருந்து சுமாட்ரிப்டான் மூக்குத் தெளிப்பு 10 மில்லிகிராம். சத்தியெடுக்கும் பிள்ளைக்கு அது வசதி. சில நாடுகளில் ரிசாட்ரிப்டான் 6 வயதிலிருந்தே அனுமதி: 40 கிலோவுக்குக் குறைந்தால் 5, 40 கிலோவோ அதற்கு மேலோ என்றால் 10 மில்லிகிராம், 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான். தடுப்புக்காக புரோப்பிரனலோல் எடுக்கிற பிள்ளையென்றால் அதை எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள். அது இரத்தத்தில் ரிசாட்ரிப்டானின் அளவைக் கூட்டும். கண்ணில் மினுமினுப்பு வருகிற பிள்ளைக்கு அந்த மினுமினுப்பில் அல்ல, தலையிடி தொடங்கும்போது கொடுக்க வேண்டும். இதய நோயோ, ஒரு பக்கம் செயலிழக்கும் வகையோ இருந்தால் கொடுக்கவே கூடாது.

எந்த மருந்தையும் நாளெண்ணிக் கொடுங்கள். மாதத்தில் ட்ரிப்டான் பத்து நாளையோ சாதாரண வலிமாத்திரை பதினைந்து நாளையோ தொட்டு அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போனால், மருந்தே தலையிடியைக் கொண்டுவரும். சுவர்க் கலண்டரில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

அந்தத் தாய்க்கு நான் ட்ரிப்டான் எழுதவில்லை. ஒரு கடிதம் எழுதினேன், வகுப்பாசிரியையிடம் இரண்டு குளிசை இருக்கட்டும் என்று. ஆறு கிழமை கழித்துக் கலண்டரோடு வந்தார். நான்கு தலையிடி வந்திருந்தது. அதில் மூன்று தலையிடி இரண்டு மணி நேரத்தில் அடங்கியிருந்தது. நான்காவது வந்த அன்று பிள்ளை ரியூசன் வகுப்பில் இருந்தாள், குளிசை பாடசாலையில் இருந்தது.